சிறு படகுக்குச் செவுள் வலையும் கயிறும் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக வலை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் நூலைத்தான் முதலில் இழுத்துப் பார்க்கிறார்கள். "தடியான நூல், ரொம்ப நாள் வரும்" என்று தீர்மானித்துவிட்டு, வலையின் கண் அளவைக் கடைக்காரர் கையிலிருக்கும் சரக்குக்கு விட்டுவிடுகிறார்கள். வரிசை இங்கேயே தலைகீழாகிறது. முதலில் மீன், அதிலிருந்து கண் அளவு, கண் அளவிலிருந்து நூல், நூலுக்கு ஏற்ற கட்டுமானம், கடைசியில் கயிறு. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு முடிவும் அடுத்ததைத் தானே சொல்லிக் கொடுக்கும்.

இரண்டு, மூன்று பேர் கையாலேயே விட்டு இழுக்கிற படகில் செவுள் வலைதான் அதிகம் புழங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டி அந்த ஒரு வலையோடு நிற்கிறது. கணக்கெல்லாம் ஒரே உதாரணத்தில் ஓடும்: சுமார் 21 செ.மீ. நீளமுள்ள கானாங்கெளுத்தியைப் பிடிக்க, கட்டி முடித்தபின் 100 மீட்டர் நீளமும் 4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வலைத் துண்டு.

## 1. கடைக்குப் போகுமுன் கையில் வேண்டியவை

ஒரு தையல் நூல், மில்லிமீட்டர் போட்ட அளவுகோல், ஒரு சிறு தொங்கு தராசு, ஒரு நோட்டு. இவற்றோடு மூன்று விவரங்கள்: வலை விடப்போகும் இடத்தின் ஆழம், அடித்தரை மணலா சேறா பாறையா, நீரோட்டம் எவ்வளவு வேகம்.

நான்காவது ஒன்றும் உண்டு. உங்கள் பகுதியில் அந்த மீனுக்கோ அந்த வலைக்கோ குறைந்தபட்சக் கண் அளவு, நூல் வகை பற்றி விதி இருக்கிறதா என்று மீன்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஒற்றை இழை நைலானான தங்கூசி வலைக்கே தடை இருக்கும். வாங்கியபின் தெரிந்தால் அந்த வலையை விரிக்க முடியாது, விற்கவும் முடியாது.

## 2. மீனின் சுற்றளவிலிருந்து கண் அளவு

செவுள் வலையில் மீன் மாட்டுவது இப்படி: தலை கண்ணுக்குள் நுழைந்துவிட வேண்டும், உடம்பின் பருத்த பகுதி நுழையக் கூடாது. பின்வாங்கும்போது நூல் செவுள் மூடியில் கொக்கிபோல் பிடிக்கும். ஆகவே கண்ணின் முழுச் சுற்று, செவுளுக்குப் பின்னுள்ள சுற்றளவைவிடப் பெரிதாகவும் உடம்பின் அதிகபட்சச் சுற்றளவைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும்.

பிடிபட்ட மீனில் விற்பனைக்கு ஏற்ற அளவுள்ள 20 மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் ஒரு முறை, முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தை ஒட்டிய பருத்த பகுதியில் ஒரு முறை தையல் நூலைச் சுற்றி, அந்த நூலை அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நூல் தோலைத் தொட்டால் போதும், அழுந்தக் கூடாது. சினைக் காலத்தில் வயிறு பருத்திருக்கும் என்பதால், எந்தப் பருவத்துக்கு வலை வேண்டுமோ அந்தப் பருவத்து மீனையே அளக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் செவுளுக்குப் பின் 98 மி.மீ., பருத்த இடத்தில் 125 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பருத்த சுற்றளவை 1.2 ஆல் வகுத்தால் 104. கண்ணின் முழுச் சுற்று இதுதான். கண்ணை நீட்டி இழுத்தால் இரண்டு நூல் இணையாகப் படியும், ஆகவே நீட்டிய கண் அளவு இதில் பாதி, 52 மி.மீ. 98-க்கும் 125-க்கும் நடுவே 104 உட்காருவதால் அளவு பொருந்துகிறது. 1.2 என்பது தொடங்கும் இடம்தான். வழுவழுப்பான, உடம்பு அமுங்குகிற மீனுக்கு 1.25 வரை போகலாம்.

மீன் கையில் இல்லாவிட்டால் நீளத்தை வைத்து ஒரு தோராயக் கணக்கு உண்டு. மீனின் நீளத்தை, ஒல்லியான நீள மீனுக்கு 5 ஆலும், நடுத்தர உடம்புக்கு 3.5 ஆலும், அகன்று பருத்த மீனுக்கு 2.5 ஆலும் வகுக்க வேண்டும். கானாங்கெளுத்தி முதல் இரண்டுக்கும் இடைப்பட்டது. 210-ஐ 4 ஆல் வகுத்தால் 52.5 வருகிறது, நூல் கட்டி அளந்ததோடு ஒத்துப்போகிறது.

ஒரு கண் அளவு ஒரு குறுகிய வரம்பைத்தான் பிடிக்கும். பொருத்தமான நீளத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகிய மீன் அரிதாகவே செவுளில் மாட்டும். 52 மி.மீ. கண் ஏறக்குறைய 17 முதல் 25 செ.மீ. வரையுள்ள மீனுக்கானது. "எல்லாவற்றையும் பிடிக்கட்டும்" என்று சிறிய கண்ணை வாங்குகிறவர்கள் பெரிய மீனைத்தான் இழக்கிறார்கள். அது மூக்கால் முட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

## 3. கடையில் கண்ணை அளக்கும் முறை

"ரெண்டு இஞ்சு கண்" என்ற பேச்சை அப்படியே நம்பி வாங்காதீர்கள். சிலர் முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை, அதாவது கண்ணின் ஒரு பக்கத்தைச் சொல்வார்கள். சிலர் நீட்டிய முழுக் கண்ணைச் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம். சீட்டில் எது எழுதியிருந்தாலும் வலையை விரித்து அளந்துவிடுங்கள்.

ஒரே நேர்க்கோட்டில் 10 கண்ணை எண்ணி, உயரவாக்கில் நீட்டி, முதல் முடிச்சின் நடுவிலிருந்து கடைசி முடிச்சின் நடு வரை அளந்து 10 ஆல் வகுக்க வேண்டும். ஒரு கண்ணை மட்டும் அளந்தால் அரை மில்லிமீட்டர் பிழை அப்படியே நிற்கும், பத்தை அளந்தால் அது கரைந்துவிடும். வலையில் மூன்று இடத்தில் இப்படிச் செய்து பாருங்கள். மூன்றும் 1 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் அந்தக் கட்டு வேண்டாம்.

இந்த அளவில் ஒரு முடிச்சின் தடிப்பும் சேர்ந்திருக்கிறது. மீன் நுழையும் துவாரம் அதைவிடச் சிறியது. மெல்லிய தங்கூசியில் இது பெரிதாகத் தெரியாது. தடித்த பல இழை நூலில் முடிச்சு சில மில்லிமீட்டரைத் தின்றுவிடும், அங்கே முடிச்சின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளந்ததையே கணக்கில் எடுங்கள்.

## 4. நூல்: தங்கூசியா, பல இழை நைலானா

இரண்டும் ஒரே நைலான்தான். இரண்டுமே நீரைவிடக் கனம், தாமாக மூழ்கும். வேறுபாடு இழையின் கட்டமைப்பில்.

தங்கூசி ஒற்றை இழை. தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாது, பாசியும் அழுக்கும் குறைவாகவே ஒட்டும், பகலிலும் மீன் மாட்டும். குறைகளும் உண்டு. வழுக்குவதால் ஒற்றை முடிச்சு நழுவும், ஆகவே இரட்டை முடிச்சு போட்ட வலையைத்தான் எடுக்க வேண்டும். சோதிக்க, ஒரு கண்ணின் எதிரெதிர் முடிச்சுகளை இரு கைகளாலும் பிடித்து அகலவாக்கில் நன்றாக இழுங்கள். முடிச்சு நகர்ந்து கண் கோணலானால் அதை விட்டுவிடுங்கள். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் தங்கூசி விறைத்து ஒடியத் தொடங்கும். கிழிந்தால் ஒட்டுப்போடுவதும் சிரமம்.

பல இழை நைலான் மென்மையானது, மீனின் உடம்பை அவ்வளவாக அறுக்காது, முடிச்சு நிற்கும், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் நீரில் தெரியும். அதனால் இரவிலும் கலங்கிய நீரிலும்தான் அதன் பலம். கழுவாமல் வைத்தால் இழைகளுக்குள் சேறும் மீன் வழும்பும் தங்கிவிடும்.

நம் உதாரணம் போல மணல் தரை, ஓரளவு தெளிந்த நீர் என்றால் தங்கூசி. கலங்கலான முகத்துவாரம், நண்டு அதிகமுள்ள இடம், அடிக்கடி கிழிந்து தைக்கவேண்டிய பாறைப் பகுதி என்றால் பல இழை. வேறு வலைகளுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் நூலைச் செவுள் வலைக்கு எடுக்காதீர்கள். அது மிதக்கும், தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும், மீன் தூரத்திலேயே விலகும்.

## 5. நூலின் தடிப்பு

தடிப்பு கண் அளவைப் பொறுத்தது. கண்ணின் ஒரு பக்கத்தை 0.005 ஆல் பெருக்கினால் அமைதியான நீருக்கான மெல்லிய நூல் கிடைக்கும். 0.01 ஆல் பெருக்கினால் முரட்டு நீருக்கான உச்சம். நம் கண்ணின் பக்கம் 26 மி.மீ. என்பதால் வரம்பு 0.13 முதல் 0.26 மி.மீ. வரை. மிதமான நீரோட்டத்துக்கு 0.20 மி.மீ. தங்கூசி சரியாக இருக்கும். அமைதியான உள்நீரில் 0.16 போதும்.

தடிப்பைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்பது பாதி உண்மை. நூல் தடித்தால் மீன் அதை உணர்ந்து விலகும், நீரோட்டம் வலையை அதிகமாகச் சாய்க்கும், படகில் இடமும் எடையும் கூடும். ஒரு நாள் அதிகம் உழைத்து ஒரு நாள் குறைவாகப் பிடிக்கிற வலையாக அது மாறிவிடும்.

பல இழை நூலில் 210/2/3 போன்ற எண் இருக்கும். 210 டெனியர் கொண்ட அடிப்படை இழை இரண்டு சேர்ந்து ஒரு புரி, அப்படி மூன்று புரி சேர்ந்து நூல். மொத்தம் 6 இழை. 210/1/2 என்றால் இரண்டே இழை. கடைசி இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்த்தால் எந்த நூல் தடிப்பு என்று உடனே புரியும்.

## 6. எவ்வளவு வலை வாங்குவது

100 மீட்டர் வலைக்கு 100 மீட்டர் வலைப் பின்னலை வாங்குவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. பின்னலை முழுக்க நீட்டிக் கயிற்றில் கட்டினால் கண் மூடிக்கொள்ளும், மீன் நுழைய வழியே இருக்காது. கயிற்றின் நீளத்தை, அதில் கட்டும் பின்னலின் நீட்டிய நீளத்தால் வகுத்தால் கிடைப்பது கட்டு விகிதம். செவுள் வலைக்கு 0.5 நல்ல தொடக்கம். 0.4-க்குக் குறைந்தால் வலை தொளதொளவென்று எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்கும், கழற்றவே பாதி நேரம் போகும். 0.6, 0.7 என்று கூடினால் கண் நன்றாக விரிந்து செவுளில் மட்டும் பிடிக்கும், ஆனால் மீன் சற்று எளிதாக உதறிக்கொள்ளும்.

100 மீட்டருக்கு 0.5 விகிதத்தில் 200 மீட்டர் நீட்டிய பின்னல் வேண்டும். 52 மி.மீ. கண்ணில் இது நீளத்தில் சுமார் 3846 கண்.

உயரத்துக்கு வேறு கணக்கு. 0.5 விகிதத்தில் கட்டியபின் வலையின் உயரம் நீட்டிய உயரத்தில் 0.866 மடங்காகும். 4 மீட்டர் வேண்டுமானால் நீட்டிய உயரம் 4.62 மீட்டர். 52 மி.மீ.யால் வகுத்தால் 89 கண், 90 கண் ஆழமுள்ள பின்னலை வாங்குங்கள். விகிதத்தை 0.6 ஆக்கினால் இந்த எண் 0.8 ஆகிவிடும், அதே பின்னல் 3.7 மீட்டர் உயரமே தரும்.

பின்னலின் மேல், கீழ் விளிம்பில் ஓரிரு வரிசை தடித்த நூலில் பின்னப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றோடு உராயும் இடம் அதுதான். அந்த விளிம்பு இல்லாத வலை கயிற்றின் ஓரத்திலேயே முதலில் கிழியும்.

## 7. கயிறு: எது எங்கே

கடையில் "பிளாஸ்டிக் கயிறு" என்ற ஒரே பேரில் பல வகை இருக்கும். ஒரு விரல் நீளம் வெட்டி, பிரித்து, தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். குமிழியை வெளியேற்றாமல் சோதித்தால் நைலானும் சற்று நேரம் மிதந்து ஏமாற்றும்.

மேல்கயிறு, கீழ்கயிறு இரண்டுக்கும் 6 மி.மீ. பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் போதும். இரண்டும் நனைந்தாலும் பலம் குறையாதவை, நைலான் அளவுக்கு நீளாதவை. நைலான் கயிறு இழுக்கும்போது நன்றாக நீளும், நனையும்போது சற்றுப் பலமும் குறையும். அதை மேல்கயிறாக வைத்தால் இழுத்துவிட்ட பின் கட்டு விகிதமே மாறிவிடும். மேலும் கீழும் ஒரே பொருள், ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றது நீளாவிட்டால் வலை ஒரு பக்கம் பை போலத் தொங்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று, புரியின் திசை. கயிற்றை நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் வலமாக ஏறும், அல்லது இடமாக ஏறும். மேல்கயிற்றுக்கு ஒரு வலப்புரிக் கயிறும் ஒரு இடப்புரிக் கயிறும் ஒட்டி வைத்துக் கட்டுவது நல்ல முறை. ஒரே ஒரு முறுக்குக் கயிறு நனைந்து இழுபடும்போது தன் முறுக்கைப் பிரிக்கப் பார்க்கும், கூடவே வலையையும் சுருட்டிவிடும். எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று தடுத்துவிடும். மிதவையை ஒரு கயிற்றில் கோத்து, வலையை மற்றதில் கட்டி, இரண்டையும் இடையிடையே பிணைக்க வேண்டும். ஆகவே 100 மீட்டர் மேல்கயிற்றுக்கு இரு முனையிலும் கண்ணி போடச் சேர்த்து 105 மீட்டர் வலப்புரி, 105 மீட்டர் இடப்புரி.

படகின் நங்கூரக் கயிற்றுக்கு மட்டும் நைலான். அலை தூக்கும்போது அது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீளாத கயிறு அந்த உதறலை நேராகக் கொக்கிக்கும் நங்கூரத்துக்கும் கொடுக்கும். வலையின் அடையாள மிதவைக்குச் செல்லும் கயிற்றுக்கு மிதக்காத வகை எடுங்கள், அல்லது மிதக்கும் கயிற்றில் மேலிருந்து சில மீட்டரில் ஒரு ஈயம் கட்டுங்கள். நீர்மட்டத்தில் சுருண்டு மிதக்கும் கயிற்றைத்தான் இன்ஜின் விசிறி வெட்டிவிட்டுப் போகும், வலையும் அதோடு கடலடியில் தங்கிவிடும். நீளம், ஏற்றத்தின்போதுள்ள ஆழத்தில் ஒன்றரை மடங்கு: ஆழம் 15 மீட்டர், ஏற்றம் 2 மீட்டர் என்றால் 25.5 மீட்டர் கயிறு.

சீட்டில் எழுதியிருக்கும் அறுபடும் பலம் முடிச்சில்லாத புதுக் கயிற்றுக்கானது. ஒரு முடிச்சு போட்டால் அது கிட்டத்தட்டப் பாதியாகும். அன்றாடம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுமை தராமல் கணக்கிடுங்கள். கண்ணி போடும் இடத்தில் முடிச்சுக்குப் பதில் புரி கோத்துப் பின்னினால் பலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

## 8. கட்டுமுன் கயிற்றை இழுத்துவிடுவது

புதுக் கயிற்றை அப்படியே கட்டாதீர்கள். ஒரு இரவு நீரில் ஊறவைத்து, இரு மரங்களுக்கிடையே இறுக்கிக் கட்டி, கயிற்றின் சுருளும் முறுக்கும் போகும்வரை ஒரு நாள் விடுங்கள். இந்தப் படியைத் தாண்டியவர்களின் வலை முதல் சில முறைக்குள்ளேயே நீண்டு, கட்டுகள் இறுகி, நடுவில் மடிந்து நிற்கும்.

பிறகு அளந்து குறி போடுங்கள். நம் வலையில் 4 கண்ணுக்கு ஒரு கட்டு. நான்கு கண் நீட்டினால் 208 மி.மீ., 0.5 விகிதத்தில் கயிற்றில் 104 மி.மீ. இடைவெளி. 104 மி.மீ. நீளமுள்ள ஒரு குச்சியை வெட்டி வைத்து, ஒவ்வொரு கட்டுக்கும் அதை ஒட்டி வைத்துப் போட்டால் கைவாக்கில் விலகாது. கண்ணை எண்ணுவதில் தவறினால் அடுத்த கட்டிலேயே தெரியும், 20 கட்டு தாண்டிய பிறகு பிரிப்பது வலி.

பக்கக் கயிற்றை 4.05 மீட்டருக்கே வெட்டுங்கள். பின்னலின் நீட்டிய உயரமான 4.68 மீட்டருக்கு வெட்டினால் முனையில் வலை தளர்ந்து சுருளும்.

மிதவையும் ஈயமும் சமநிலைக்கு வர, ஒரு மீட்டர் வலையைக் கட்டி முடித்ததும் பெரிய டிரம்மில் நீர் நிரப்பி இறக்கிப் பாருங்கள். அடியில் விரிக்கும் வலையில் கீழ்கயிறு தரையில் உட்கார வேண்டும், மேல்கயிறு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஈயத்தை நீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் அது மிதவையின் தூக்கும் விசையைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். மென்மையான நுரை மிதவை ஆழத்தில் அமுங்கும். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதால் 30 மீட்டரில் விரிப்பவர் கெட்டியான மிதவையே எடுக்க வேண்டும்.

## 9. முதல் நாள் மீனைப் பார்த்துத் திருத்துவது

கண் அளவு சரியா என்பதை மீனே சொல்லும். கழற்றும்போது நூல் அழுந்திய கோட்டைப் பாருங்கள். செவுள் மூடிக்குப் பின்னாலேயே, முதுகுத் துடுப்புக்கு முன்னால் அந்தக் கோடு இருந்தால் கண் பொருத்தம். பெரும்பாலான மீன் வாயிலோ பல்லிலோ மட்டும் சிக்கியிருந்தால் கண் சிறிது. கோடு முதுகுத் துடுப்பின் நடுவில் இருந்தால் கண் சற்றுப் பெரிது, பலவும் தப்பிப் போயிருக்கும், செதில்கள் மட்டும் நூலில் ஒட்டியிருக்கும்.

20, 30 மீனைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் அடுத்த துண்டில் 2 மி.மீ. கூட்டுவதா குறைப்பதா என்று தெளிவாகும்.

## 10. எவ்வளவு நாள் உழைக்கும், எப்போது கழிப்பது

வலை பெரும்பாலும் மீனாலோ பாறையாலோ சாவதில்லை, கரையில் குவித்து வெயிலில் கிடக்கும்போதுதான் சாகிறது. நைலான் புற ஊதாக் கதிரில் பலம் இழக்கும். குவியலின் மேலே உள்ள பகுதியே முதலில் போகும். நல்ல நீரில் கழுவி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, பிறகு மூடி வையுங்கள். டீசல், இன்ஜின் எண்ணெய் படக் கூடாது.

சோதனைக்கு, குவியலின் மேற்பகுதியிலிருந்து 10 நூல் துண்டும், வாங்கும்போது எடுத்து இருட்டில் வைத்த புது நூலில் 10 துண்டும் எடுத்து நீரில் ஊறவையுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாதாரண முடிச்சு போட்டுத் தொங்கு தராசில் மெதுவாக இழுத்து, அறும் எடையைக் குறியுங்கள். பழையதின் சராசரி புதியதில் பாதிக்குக் கீழே போனால் அந்த வலை பெரிய மீனைத் தாங்காது. தைத்த இடத்தைச் சுற்றிப் புதிதாகக் கிழிந்துகொண்டே இருப்பதும் இதே அறிகுறி.

கயிற்றுக்கு வேறு அடையாளம். பாலிபுரொப்பிலீன் மேலே தூள் தூளாக உதிர்ந்து, கையில் முள் குத்துவதுபோல் இருந்தால் வெளி இழைகள் ஒடிந்துவிட்டன. புரியைத் திறந்து உள்ளே பாருங்கள், உள்ளும் மங்கியிருந்தால் மாற்றுங்கள். உள்ளே பளபளப்பு இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும்.

கழித்த வலையைக் கடலில் விடாதீர்கள். நைலான் மட்காது, ஆளில்லாத வலை அடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். மிதவை, ஈயம், நல்ல கயிறு ஆகியவற்றைக் கழற்றி அடுத்த வலைக்கு எடுத்துக்கொண்டு, பின்னலை மட்டும் கரையில் சேர்த்து வைத்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள்.